அப்புச்சியின் வால்வு ரேடியோ

பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் எவரும் கடைக்குள் நுழைந்ததும் பிளக்கைச் சொருக இடம் தேடுவார். அவிநாசியில் இருக்கும் அந்த மெக்கானிக் அண்ணன், முதல் காரியமாக அந்த ஒயரைச் சுருட்டிக் கட்டி, பெட்டியின் தலைமேல் வைத்துவிடுவார். அவர் வேலையின் அழகு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நாற்பது ஆண்டு உறங்கிய பெட்டிக்குள் திடீரென்று 230 வோல்ட்டை ஏற்றுவது அவருக்கு ஒப்பாது. உள்ளே எது ஈரம் குடித்திருக்கிறது, எது காய்ந்திருக்கிறது, எலி எந்த ஒயரைக் கடித்திருக்கிறது என்று பார்த்துத் தெரிந்த பிறகுதான் மின்சாரத்தைப் பற்றிய பேச்சே எடுப்பார்.

இந்தப் பெட்டி பெருமாநல்லூரில் ஒரு வீட்டு அட்டாலியிலிருந்து வந்தது. கொண்டுவந்த இளைஞர் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். அவருடைய அப்புச்சி திருப்பூரில் காதர்பேட்டைப் பக்கம் பனியன் துணி ஓட்டிய நிட்டிங் மெஷின்காரர். மெஷின் ஓடிய அறையிலேயே ரேடியோவும் பாடியிருக்கிறது. தேக்கு நிறப் பலகைப் பெட்டி, தந்த வெள்ளையில் நான்கு குமிழ்கள், அகலமான டயல் கண்ணாடி. பின்பலகையின் உட்புறம் சொருகியிருந்த போஸ்ட் ஆபீஸ் லைசென்ஸ் புத்தகத்தில், வருடாவருடம் பணம் கட்டி ஒட்டிய வில்லைகள் மங்கலாக நிறம் காட்டின. எண்பதுகளின் நடுவில் அந்த லைசென்ஸ் முறையே போய்விட்டது. புத்தகத்தை மட்டும் அப்புச்சி எடுக்காமல் விட்டிருக்கிறார்.

பின்பலகையைக் கழற்றியதும் அண்ணனின் கண் டிரான்ஸ்பார்மரைத் தேடியது. சில பழைய செட்டுகளில் அது இருக்காது. வால்வுகளின் இழைகளை வரிசையாகக் கோத்து நேரே மெயின்ஸிலேயே எரியவிட்டிருப்பார்கள். பிளக் மாறிச் சொருகினால் அவற்றின் இரும்புச் சேஸிஸிலேயே மின்சாரம் நிற்கும். இதில் டிரான்ஸ்பார்மர் இருந்தது, கனமாக, கறுத்த வார்னிஷோடு. வால்வுகளின் மேல் இருந்த எழுத்துகளும் அதையே சொல்லின. ஈ.சி.எச்.81, ஈ.எல்.84, ஈ.இசட்.80 என்று எல்லாமே 'ஈ'யில் தொடங்கின. அந்த முதல் எழுத்துக்கு, இழை 6.3 வோல்ட்டில் எரியும் என்று பொருள். ஒரு வால்வின் கண்ணாடித் தோளில் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸின் முத்திரை மெல்லிய வெள்ளையில் இன்னும் நின்றது. அதன்மேல் விரல் படாமல், கழுத்துக்குக் கீழே பிடித்து அவர் கழற்றிய பக்குவத்தைப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளை எழுத்து வெறும் விரல் ஈரத்துக்கே அழிந்துபோகும்.

மின்சாரத்தைக் காட்டிய விதம் இன்னும் நயமானது. பலகை ஒன்றில் ஒரு பல்பு ஹோல்டர், பக்கத்தில் ஒரு சாக்கெட். இதுதான் அவருடைய சீரிஸ் போர்டு. மின்சாரம் முதலில் 60 வாட் குண்டு பல்பின் வழியாகப் போய், அதன் பிறகுதான் ரேடியோவுக்குள் இறங்கும். எல்.ஈ.டி. வந்து எல்லா வீட்டிலும் குண்டு பல்பு மறைந்தபோது, இந்த ஒரு வேலைக்காகவே சிலவற்றை வாங்கிப் பஞ்சு சுற்றி வைத்துக்கொண்டவர் அவர். மின்சாரத்தை நேராக்கும் ஈ.இசட்.80 வால்வைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் டிரான்ஸ்பார்மரை மட்டும் சோதித்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து அந்தச் சுமையைத் தானே வாங்கிக்கொள்ளும், பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. சுவிட்ச் போட்டார். பல்பின் இழை செம்பருத்திச் சிவப்பில் மெல்லக் கனிந்து, அதற்கு மேல் ஏறாமல் நின்றது. மூக்கை டிரான்ஸ்பார்மர் அருகே கொண்டுபோய் வாசம் பிடித்தார். கருகல் இல்லை.

"டிரான்ஸ்பார்மர் நல்லா இருக்குதுங் தம்பி. மத்ததெல்லாம் பாத்துக்கலாம்" என்றார்.

மற்றதில் முதலாவது பஞ்சு. திருப்பூர்ப் பெட்டி என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. நூலிலிருந்து பறக்கும் பிசிறு ஆண்டுக்கணக்கில் உள்ளே இறங்கி, வால்வுகளின் வெக்கையில் வாடி, தேன் நிறத்தில் மெத்தென்ற ஒரு படலமாகச் சேஸிஸ் முழுக்கப் படிந்திருந்தது. அதை அவர் ஊதித் தள்ளவில்லை. காற்றை அடித்தால் பிசிறு போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும். அரை அங்குலப் பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஒரே திசையில் வருடி வருடி, சேர்ந்த பஞ்சை இடுக்கியால் எடுத்துத் தாளில் வைத்தார். துடைக்கப் பனியன் வேஸ்ட். இந்த ஊரின் கட்டிங் மேசைகளிலிருந்து மூட்டை மூட்டையாகக் கிளம்பி நாடெங்கும் பட்டறைகளுக்குப் போகும் அதே துணித் துண்டுகள்தான். இவரோ அதிலும் சாயம் ஏறாத வெள்ளையாகத் தேர்ந்து, தனியே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார்.

அந்தப் பிரஷ் 'கேங்' மேல் போனபோது வேகம் பாதியாயிற்று. குமிழைத் திருப்பினால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து விலகும் அலுமினியத் தகடுகளின் அடுக்குதான் கேங். ஸ்டேஷன் மாறுவது அதனால்தான். தகடுக்கும் தகடுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி கிடையாது. அதில் பிசிறு சிக்கி, மழைக்காலத்து ஈரமும் சேர்ந்தால், திருப்பும்போதெல்லாம் கரகரக்கும். இந்த இடத்தில் அண்ணன் இளைஞரை அருகே கூப்பிட்டு விளக்கைச் சாய்த்துக் காட்டினார். நீங்களும் ஒருமுறை பார்த்துவிட வேண்டிய அழகு அது. சுழலும் தகடுகளில் ஓரத்துத் தகடு மட்டும் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சில கோடுகளாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுகளுக்கு இடைப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றும் மிகமிகச் சிறிதாக, ஒன்று வெளியேயும் அடுத்தது உள்ளேயுமாக வளைந்திருந்தன. பார்ப்பவருக்கு அடிபட்டு நெளிந்ததாகவே தோன்றும்.

"இதை நேராக்கிடலாங்களாண்ணா?" என்று கேட்டார் இளைஞர், கை நீட்டியபடி.

"ஐயோ தம்பி, தொட்ராதீங்க. அது கோணல் இல்லீங். ஃபேக்டரில ஒருத்தர் உக்காந்து ஒவ்வொரு துண்டா வளைச்சு வெச்சது. டயல்ல இருக்கற எண்ணும் வர்ற ஸ்டேஷனும் ஒத்துப்போறது அதனாலதான்."

யாரோ ஒருவருடைய விரல் நுனி, கேங் திரும்பும் ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு வளைத்தால் போதும் என்று அறிந்து வளைத்த வளைவு, இத்தனை காலம் அப்படியே இருக்கிறது. அண்ணன் தகடுகளின் நடுவே வழவழப்பான தாள் துண்டு ஒன்றை நுழைத்து, உரசாமல் இழுத்துப் பஞ்சை வெளியே எடுத்தார். ஓரத்துத் தகட்டின் பக்கம் அந்தத் தாளும் போகவில்லை.

சேஸிஸைக் கவிழ்த்துப் போட்டதும் அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை. படித்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஈயம் வைத்த ஒவ்வொரு முடிச்சிலும் வைத்தவரின் கை தெரிகிறது. தொழிற்சாலை முடிச்சு, ஒயரின் நுனியைத் தகட்டுக் காதில் ஒரு முழுச் சுற்று சுற்றி, அதன் மேல் ஈயம் ஓடியது. சில இடங்களில் அப்படி இல்லை. பழைய கண்டன்சரின் காலைப் பாதியில் வெட்டி, மிஞ்சிய நுனியைக் கொக்கியாக வளைத்து, புதியதன் காலை அதில் மாட்டி, கம்பியின் உருவம் வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் ஈயம் பூசியிருந்தது. எழுபதுகளில் யாரோ ஓர் உள்ளூர் மெக்கானிக் பார்த்த வேலையாக இருக்கும். தொழிற்சாலைக்காரரின் சுற்றை அவிழ்த்தால் தகட்டுக் காது முறியலாம் என்று அந்தக் கை அஞ்சியிருக்கிறது.

"ஈயத்தைச் சிக்கனமா வெச்சிருக்காரு. நல்ல கைங்" என்றார் அண்ணன். முகம் தெரியாத ஒரு தொழில்காரரை இன்னொரு தொழில்காரர் இதைவிட நேர்த்தியாகப் பாராட்ட முடியுமா என்று தெரியவில்லை. அன்று அவர் புதிதாக வைத்த முடிச்சுகள் எல்லாவற்றையும் அதே கொக்கி முறையில்தான் வைத்தார்.

நோய் இருந்த இடத்தைச் சொல்கிறேன். இந்த வகைப் பெட்டிகளில் எதை நம்பினாலும் மெழுகு பூசிய காகிதக் கண்டன்சரை நம்பக் கூடாது. அதிலும் ஒன்று, ஒலியைக் கடைசி வால்வான ஈ.எல்.84க்கு அனுப்பி வைக்கும் சிறு கண்டன்சர். அதன் வேலை நுட்பமானது. அதன் ஒரு பக்கத்தில் முந்தைய வால்வின் 100 வோல்ட் அளவிலான அழுத்தம் எப்போதும் நிற்கும். மறுபக்கம் கடைசி வால்வின் கிரிட். பாட்டின் அசைவு மட்டும் அதைக் கடந்து போகலாம். அந்த 100 வோல்ட்டில் ஒரு துளியும் கடக்கக் கூடாது. கிரிட் என்பது வாய்க்காலில் மடைப் பலகை மாதிரி. அது சற்று இறங்கி நின்றால்தான் நீர் அளவோடு ஓடும். கண்டன்சர் கசிந்தால் பலகை மேலே ஏறிவிடும், மின்னோட்டம் அளவு மீறிப் பாயும். முதலில் பாட்டு கொரகொரக்கும். பிறகு வால்வுக்குள் இருக்கும் தகடே சிவந்து எரியும். அத்தோடு டிரான்ஸ்பார்மரும் போய்விடும்.

கசிவைக் கண்டுபிடிக்க அவர் செய்தது எவ்வளவு எளிமை! ஈ.இசட்.80ஐத் திரும்ப மாட்டி, ஈ.எல்.84ஐக் கழற்றிவிட்டார். வால்வு இருந்தால் அதனுடைய மின்னோட்டமும் கணக்கில் கலந்து குழப்பும். வெறும் சாக்கெட்டில் கிரிட் வரும் துளையில் மீட்டரை வைத்தார். இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. உயர் அழுத்தத்தில் அளக்கும்போதெல்லாம் அந்தக் கை அங்கே போய்விடும். இரண்டு கையும் பெட்டிக்குள் இருந்தால் மின்சாரம் நெஞ்சைக் கடந்துதான் போகும். மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 4 வோல்ட்டுக்குச் சற்று மேல். அங்கிருந்து சேஸிஸுக்குப் போகும் ரெசிஸ்டன்ஸ் 470 ஆயிரம் ஓம். மேலே 100 வோல்ட் நிற்க, கீழே 4 வோல்ட் வந்திருக்கிறது என்றால், ஒன்றும் கடத்தக் கூடாத அந்தக் கண்டன்சர் ஏறத்தாழ 1 கோடி ஓம் ரெசிஸ்டன்ஸாக மாறியிருக்கிறது. 1 கோடி என்றால் பெரிதாகத் தோன்றும். சாதாரண மீட்டரில் தனியாகக் கழற்றி அளந்தால் 'நல்லா இருக்கு' என்றுகூட ஏமாந்துபோகலாம், ஏனென்றால் மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். அதன் மேல் 100 வோல்ட் நிற்கும்போது பார்த்தால்தான் உண்மை வெளிவரும். கசிந்ததைக் கழற்றி, அதே அளவில் 630 வோல்ட் தாங்கும் பாலியஸ்டர் கண்டன்சரைக் கொக்கியில் மாட்டினார். மறுபடி மீட்டர். பூஜ்யம்.

மின்சாரத்தின் அலைச்சலைத் தணிக்கும் பெரிய கண்டன்சர், சேஸிஸ் மேல் நிற்கும் ஓர் அலுமினிய டப்பா. உள்ளே 50 மைக்ரோஃபாரட் வீதம் இரண்டு. இரண்டும் காய்ந்திருந்தன. புதியவை உருவத்தில் கட்டைவிரல் பருமன்கூட இருக்காது. சேஸிஸின் அடியில் எங்காவது கட்டித் தொங்கவிட்டாலும் ரேடியோ பாடும். அண்ணன் டப்பாவின் அடிப்பகுதியை ரம்பத்தால் வட்டமாக அறுத்தார். உள்ளே கெட்டிப்பட்ட தாள் சுருளைச் சுரண்டி எடுத்து, 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் கண்டன்சர்கள் இரண்டை உள்ளே இறக்கி, கால்களைப் பழைய தகட்டுக் காதுகளுக்குக் கொண்டுவந்து மூடினார். நிறுத்தி வைத்தால் மேலிருந்து பார்க்கிறவருக்கு அதே டப்பா, அதே மங்கிய வெள்ளி, அதே அச்செழுத்து.

"நூறே போட்டா இரைச்சல் இன்னும் கொறையுமில்லீங்களா?"

"கொறையுங் தம்பி. ஆனா சுவிட்ச் போட்டதும் அத்தனையும் நெறையறதுக்கு ஈ.இசட்.80 மூச்சுப் பிடிக்கணும். அதுக்கு அம்பதுதான் அளவு."

பெட்டியில் இருக்கும் மற்றொன்றின் ஆயுளை நினைத்துத் தன் கையை அடக்கிக்கொள்ளும் இந்தக் குணத்தை அன்று பலமுறை பார்த்தேன். ஐ.எஃப்.டி. என்னும் சிறு சுருள் பெட்டிகளின் திருகுகளில் தொழிற்சாலையில் வைத்த மெழுகு முத்திரை உடையாமல் இருந்தது. அவற்றின் பக்கம் ஸ்குரூடிரைவர் போகவே இல்லை.

டயல் கயிறு அறுந்திருந்தது. பெட்டிகளில் முதலில் அறுவது அதுதான். குமிழின் தண்டில் இரண்டரைச் சுற்று, அங்கிருந்து ஒரு சிறு உருளை, இன்னோர் உருளை, முள்ளைச் சுமந்தபடி கண்ணாடியின் முழு நீளம், பிறகு கேங்கின் பெரிய சக்கரம், அதற்குள் ஒரு ஸ்பிரிங். இந்தப் பாதையைக் காட்டும் படம் எதுவும் இல்லை. உருளைகளில் பழைய கயிறு பதித்த பளபளப்பான தடத்தை வைத்தே அவர் பாதையைக் கண்டுபிடித்தார். கயிறு எது என்பதில்தான் ஊரின் அறிவு வந்து சேர்ந்தது. இளைஞர் தன் கம்பெனியிலிருந்து நூல் வகைகளைப் பை நிறையக் கொண்டுவந்திருந்தார். தையல் நூல், ஓவர்லாக் நூல், பளபளக்கும் பாலியஸ்டர். அண்ணன் ஒவ்வொன்றையும் விரலிடுக்கில் உருட்டிப் பார்த்து ஒதுக்கினார். முறுக்கிய நூல், இழுபட இழுபடத் தன் முறுக்கை அவிழ்த்து நீண்டுவிடும். பளபளப்பான நூல் தண்டில் வழுக்கும். கடைசியாகப் பையின் அடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்தார். மெல்லியதாகப் பின்னிய கயிறு, பருத்தி மேலுறை. பின்னல் எந்தப் பக்கமும் அவிழாது, பருத்தி தண்டைக் கவ்வும். அதில் தேன்மெழுகை லேசாகத் தடவி, ஒரு முனையை ஸ்பிரிங்கில் கட்டி, மறுமுனையைப் பல்லில் கடித்தபடி அவர் உருளை உருளையாகக் கொண்டுபோன அந்தச் சில நிமிடங்கள் கண்ணுக்கு விருந்து. கயிறு எங்கும் தன்மேல் தான் ஏறவில்லை. ஸ்பிரிங் பாதி நீட்டத்தில் நின்றது. கேங் முழுக்க மூடியபோது முள் டயலின் கடைக்கோட்டில் நிற்குமாறு வைத்து, ஒரு சொட்டுப் பசையால் அதைக் கயிற்றில் இருத்தினார்.

கண்ணாடியைத் துடைக்கும் முறை வந்தது. ஊர்ப் பெயர்களும் எண்களும் கண்ணாடியின் உட்புறத்தில் அச்சானவை. ஈரத்துணி பட்டால் கொழும்பும் டெல்லியும் துணியோடு வந்துவிடும். வெளிப்புறத்தை மட்டும் உலர்ந்த வெள்ளை பனியன் துணியால் துடைத்துக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார். நடு அலைக் கோட்டில், 300 மீட்டர் என்று அச்சான இடத்தருகே, கண்ணாடியின் மேல் கறுஞ்சிவப்பாக ஒரு புள்ளி.

"அம்மாயி வெச்சதுங்ணா. சாந்துப் பொட்டு. கோயம்புத்தூர் ஸ்டேஷன் அங்கதான் வரும்னு."

டயல் அச்சானபோது கோவை வானொலி நிலையமே இல்லை. அது 1966இல் வந்தது. பெயர் இல்லாத நிலையத்துக்கு அந்த அம்மாள் தன் சாந்துச் சிமிழிலிருந்தே ஓர் அடையாளம் இட்டிருக்கிறார். மீட்டரில் 300 என்றால் கிலோஹெர்ட்ஸில் 999. கோவை நிலையத்தின் அலைவரிசை அதேதான். கண்ணாடி முழுவதும் பளிச்சிட்டது, அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு நூலளவு இடம் மட்டும் துடைக்கப்படாமல் நின்றது.

முகப்புத் துணியையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்தது கம்பெனித் துணி இல்லை. எப்போதோ கிழிந்ததும் அப்புச்சி தன் மெஷினில் ஓட்டிய ரிப் துணியை மாட்டியிருக்கிறார். எவ்வளவு பொருத்தம்! பின்னல் துணியின் கண்ணிகள் வழியே ஒலி தடையின்றி வெளியே வரும், தூசி உள்ளே போகாது. கண்ணி வரிசைகள் பலகையின் விளிம்புக்கு இம்மியும் சாயாமல் நேர்க்குத்தாக நின்றன. இழுவைத் துணியைச் சட்டத்தில் கட்டும்போது ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாலும் வரிசை வில்லாக வளைந்துவிடும். துணியோடு வாழ்ந்தவர் கை அது. அண்ணன் அதன்மேல் பிரஷ்ஷை மட்டும் ஓட்டினார்.

பழைய வால்வுகள் அதனதன் இடத்துக்குத் திரும்பின. டிரான்ஸ்பார்மரில் 220, 230, 250 என்று மூன்று துளைகள். அண்ணன் ஆணியை 250இல் சொருகினார். இழைகள் தங்கள் அளவுக்கு ஒரு பிடி குறைவாகவே எரியும், ஆயுள் கூடும். முதலில் பல்பு வழியாக. பல்பின் இழை ஒரு கணம் பளீரென்று எழுந்து, வால்வுகளின் இழைகள் சூடேறச் சூடேற மெல்லத் தணிந்தது. அப்படித்தான் தணிய வேண்டும். பிறகு நேரே மெயின்ஸில். அரை நிமிடம் ஒன்றுமே கேட்காது. வால்வுகளின் நடுவே ஆரஞ்சுப் பொட்டுகள் முதிர்ந்தன. டயலின் மூலையில் மேஜிக் ஐ, இளம் பச்சையில் இரண்டு சிறு பட்டைகளாக ஒளி கொண்டு கண் திறந்தது. அதன் பிறகுதான் ஸ்பீக்கரின் ஆழத்திலிருந்து ஒரு வெதுவெதுப்பான மூச்சு.

அந்த மூச்சின் மேல் கரகரவென்று பெரும் இரைச்சல் வந்து விழுந்தது. இளைஞரின் முகம் வாடிவிட்டது. அண்ணன் ஏரியல் ஒயரைக் கழற்றினார், இரைச்சல் நின்றது. மாட்டினார், வந்தது. பெட்டிக்குள் பிறக்கும் சத்தமாக இருந்தால் ஏரியலைக் கழற்றினாலும் போகாது. இது வெளியிலிருந்து வருவது.

"பக்கத்து யூனிட்டுல மெஷின் ஓடுதுங் தம்பி. இப்ப வர்ற தையல் மெஷினெல்லாம் சர்வோ மோட்டாரு. கரண்டை வெட்டி வெட்டித்தான் அது ஓடும். அந்த வெட்டெல்லாம் நடு அலைலதான் வந்து விழுகும். ஞாயித்துக்கிழமை பொழுதுசாய வாங்க."

திருப்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் நடு அலை கேட்க உகந்த நாள் ஞாயிறு என்பதை அன்றுதான் அறிந்தேன். அப்புச்சியின் காலத்து மோட்டார்கள் சத்தம் போட்டாலும் அலையைக் கலைக்கவில்லை. மெஷினும் ரேடியோவும் ஓர் அறையில் ஒத்துப்போயிருக்கின்றன.

ஞாயிறு மாலை கடைத்தெரு ஓய்ந்திருந்தது. மாடியில் கட்டிய சில மீட்டர் ஒயர் ஏரியலாயிற்று. அண்ணன் கையில் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் பிளாஸ்டிக் காம்பு. நுனியை ஸ்குரூடிரைவர் வாயாக அரம் போட்டுத் தீட்டியிருந்தார். இரும்பு நுனியைச் சுருளருகே கொண்டுபோனாலே அலைவரிசை நகர்ந்துவிடும். எடுத்ததும் தெரிந்த நிலையத்தைப் பார்த்தால் என்ன என்று எனக்கு ஆவல். அவர் டயலின் நடுவைத் தொடவே இல்லை. ஒரு கோடிக்குப் போய்ச் சென்னை 720ஐத் தேடினார். முள் 720க்குச் சற்று விலகி நின்றது. சுருளின் திருகை ஒரு மயிரிழை திருப்பி, முள்ளை எண்ணுக்குக் கொண்டுவந்தார். மறுகோடியில் மதுரை 1269. அங்கே டிரிம்மரைத் திருப்பினார். ஒரு கோடியைச் சரிசெய்தால் மறுகோடி கொஞ்சம் நழுவும். திரும்பச் சென்னை, திரும்ப மதுரை, மறுபடி சென்னை. ஒவ்வொரு முறையும் திருப்பும் அளவு சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் காம்பு அசைந்ததா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் மேஜிக் ஐயின் பச்சைப் பட்டைகள் ஒன்றையொன்று நெருங்கின. அந்த நெருக்கம் உச்சத்தை அடைந்த இடத்தில் விரல்கள் நின்றன.

அதன் பிறகுதான் குமிழை இளைஞரிடம் விட்டார். "நடுவுக்கு வாங்க தம்பி. மெதுவா."

பின்னல் கயிறு சத்தமின்றி ஓடியது. முள் நகர்ந்தது. 936இல் திருச்சி ஒரு குரலாக வந்து போனது. இன்னும் கொஞ்சம். பச்சைப் பட்டைகள் சேர்ந்து ஒரே கோடாயின. முகப்புத் துணியின் கண்ணிகள் வழியே, அடிக்குரலின் கனத்தோடு, கூர்மை இல்லாத, உருண்டு திரண்ட ஓர் ஒலி அறையை நிறைத்தது. கோவை. முள் சாந்துப் பொட்டுக்கு நேர் பின்னால் நின்றது.

அந்த இடத்தை யாரும் சரிசெய்யவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடிகள்தான் திருகப்பட்டன. நடுவில் முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்தது, கேங்கின் ஓரத்துத் தகட்டில் இருந்த அந்த வளைவுகள். தொழிற்சாலையில் அதை வளைத்தவரும், பெருமாநல்லூர் வீட்டில் பொட்டு வைத்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. இருவர் கணக்கும் அன்று ஒரு நூலும் பிசகாமல் ஒத்துப்போயின. அண்ணன் குனிந்து ஓரக்கண்ணால் முள்ளையும் பொட்டையும் பார்த்து, "அம்மாயி சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்றார்.

பின்பலகையைப் பூட்டும்போது இரண்டு சொல் சொன்னார். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, வெக்கை வெளியேற நாலு விரல் இடம் விட வேண்டும். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் பாட விட வேண்டும். டப்பாவுக்குள் இருக்கும் கண்டன்சரின் மெல்லிய ஆக்சைடு படலம் அழுத்தம் படப்படத்தான் கெடாமல் இருக்கும், மாதக்கணக்கில் கிடந்தால் தேய்ந்துவிடும்.

"சிற்றலையும் பாக்கோணுங்ணா. அப்புச்சி கொழும்பு கேப்பாரு."

"அந்தக் காலத்துக் கொழும்பு இப்ப அதுல வராதுங் தம்பி. ஆனா பேண்ட் சுவிட்சு நல்லா இருக்குது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல திருப்பிப் பாருங்க, சீனாக்காரனாவது கெடைப்பான். கெடைக்கலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க, அந்தச் சுருளையும் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டு, லைசென்ஸ் புத்தகத்தை இருந்த இடத்திலேயே சொருகிக் கடைசித் திருகை முடுக்கினார்.